13 ஃபாலிக்கிளில் தொடங்கி ஒரு கருவில் முடியும் ஐ.வி.எஃப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு கருத்தரிப்பு மையத்தின் லேபில் வேலை பார்க்கிறேன். முட்டையைத் தேடி எடுப்பது, விந்தணுவோடு சேர்ப்பது, கருவை வளர்ப்பது, உறைய வைப்பது, கடைசியில் டாக்டர் கையில் கொடுப்பது எல்லாம் எங்கள் பொறுப்பு. தம்பதிகள் லேப் கதவருகே நின்று கேட்கும் கேள்விகளைத்தான் கீழே தந்திருக்கிறேன். பதில்கள் ஒரு கோர்வையாக வருவதற்காக ஒரே பெண்ணின் சிகிச்சையை உதாரணமாக எடுத்துக்கொண்டேன். அவருக்கு வயது 32, இரண்டு கருக்குழாயிலும் அடைப்பு, கணவரின் விந்தணு அறிக்கையில் குறை எதுவும் இல்லை. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டேன்.

மாதத்துக்கு ஒரு முட்டைதானே வரும்? ஊசி போட்டுப் பத்துப் பன்னிரண்டு எடுத்தால் இருப்பு சீக்கிரம் தீர்ந்துவிடாதா?

தீராது. ஒவ்வொரு மாதமும் சினைப்பையில் ஒரு கூட்டம் சிறு ஃபாலிக்கிள்கள் வளரத் தயாராக நிற்கின்றன. ஃபாலிக்கிள் என்பது முட்டை தங்கியிருக்கும் நீர்ப்பை. மாதவிலக்கின் முதல் சில நாட்களில் எஃப்.எஸ்.எச். ஹார்மோன் கொஞ்சம் ஏறி, பிறகு இறங்கிவிடும். இறங்கிய பிறகும் தாக்குப்பிடிக்கிற ஒன்றுதான் பெரிதாகி முட்டையை வெளியே விடும். கூட இருந்தவை சுருங்கி அழிந்துபோகும். நாங்கள் போடும் ஊசியும் அதே எஃப்.எஸ்.எச். தான். அதை இறங்க விடாமல் பிடித்து வைப்பதால், அந்த மாதம் எப்படியும் அழியப்போகிற முட்டைகள் பிழைத்து வளர்கின்றன. அடுத்த மாதத்து இருப்பில் நாங்கள் கை வைப்பதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அந்த மாதம் வரிசையில் நிற்காத முட்டையை எவ்வளவு பெரிய டோஸ் போட்டாலும் வரவழைக்க முடியாது. இரண்டாம் நாள் ஸ்கேனில் இரண்டு சினைப்பையையும் சேர்த்துச் சிறு ஃபாலிக்கிள்களை எண்ணுவது அதனால்தான். நம் பெண்ணுக்கு 16 இருந்தன, முட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான ஏ.எம்.எச். 3.1. அப்படியானால் ஏறக்குறைய அந்த அளவுதான் உச்சவரம்பு என்று முதல் நாளே சொல்லிவிடலாம். ஸ்கேனில் 4 மட்டும் தெரிகிற ஒருவருக்கு டோஸை இரட்டிப்பாக்கினால் செலவு கூடுமே தவிர முட்டை கூடாது.

1978-ல் இங்கிலாந்தின் ஓல்டமில் பிறந்த முதல் ஐ.வி.எஃப். குழந்தை இப்படிப்பட்ட தூண்டல் இல்லாமல், இயற்கையாக முதிர்ந்த ஒற்றை முட்டையிலிருந்து வந்தது. அதே ஆண்டு கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜி ஹார்மோன் ஊசியால் பல முட்டைகளை வளரச் செய்து, கருவை உறைய வைத்து, வேறொரு சுழற்சியில் வைத்தார். அவர் வாழ்ந்த காலத்தில் அரசுக் குழு அதை நம்பவில்லை. இன்று நம் ஊர் மையங்களில் தினமும் நடப்பது அவர் போன வழியோடுதான் அதிகம் ஒத்துப்போகிறது.

முதலில் ஒரு ஊசி என்றார்கள். ஆறாம் நாள் இன்னொன்றும் சேர்த்துவிட்டார்களே, ஏதாவது சரியில்லையா?

எல்லாம் சரியாகத்தான் போகிறது. முதல் ஊசி முட்டையை வளர்க்கிறது. இரண்டாவது, வளர்ந்த முட்டை நம்மைக் கேட்காமல் வெளியேறிவிடாமல் தடுக்கிறது.

ஃபாலிக்கிள்கள் பெரிதானதும் ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏறும். 'முட்டை முதிர்ந்துவிட்டது' என்று மூளை அதைப் புரிந்துகொண்டு எல்.எச். ஹார்மோனைக் கொட்டினால், எல்லா முட்டையும் வயிற்றுக்குள் உதிர்ந்துவிடும், பிறகு எடுக்க ஒன்றும் இருக்காது. அந்த எல்.எச். கிளம்பாமல் அடைக்கும் ஊசிதான் ஆறாம் நாள் சேர்வது. பெரும்பாலும் செட்ரோரெலிக்ஸ் 0.25 மி.கி.

நம் பெண்ணுக்கு மாதவிலக்கின் இரண்டாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, 225 யூனிட்டில் தொடங்கினோம். தொப்புளுக்கு இரண்டு விரற்கடை தள்ளி, தோலைப் பிடித்துத் தூக்கி அவரே போட்டுக்கொண்டார். ஊசி தொடங்கி ஆறாம் நாளான புதன்கிழமை ஸ்கேனில் பெரிய ஃபாலிக்கிள் 12 மி.மீ. இருந்தது. அதன் பிறகு ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் 2 மி.மீ. வரை வளரும். பத்தாம் நாளான ஞாயிற்றுக்கிழமை மூன்று ஃபாலிக்கிள்கள் 18 மி.மீ. தாண்டின, சின்னதும் பெரியதுமாக மொத்தம் 13 இருந்தன. அன்றிரவே ட்ரிக்கர், அதாவது முட்டையைப் பழுக்க வைக்கும் கடைசி ஊசி.

ட்ரிக்கர் ஊசியைச் சரியாக இரவு 10 மணிக்குப் போடச் சொல்கிறார்கள். கொஞ்சம் முன்னே பின்னே ஆனால் என்ன?

இந்த மொத்த சிகிச்சையில் உங்கள் கையில் இருக்கும் மிக முக்கியமான விஷயம் இதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

18 மி.மீ. ஃபாலிக்கிளுக்குள் இருக்கும் முட்டை இன்னும் பழுக்கவில்லை. அது கருத்தரிக்க வேண்டுமானால் தன் குரோமோசோம்களில் பாதியை வெளியே தள்ள வேண்டும். ட்ரிக்கர் ஊசி அந்த வேலையைத் தொடங்கி வைக்கிறது. அதோடு, ஃபாலிக்கிளின் சுவரோடு ஒட்டியிருக்கும் முட்டையின் பிடியையும் தளர்த்துகிறது. இரண்டும் முடிய ஏறக்குறைய 36 மணி நேரம் ஆகும். அதற்கு ரொம்ப முன்னால் எடுத்தால் முட்டை சுவரை விட்டு வராது, வந்தாலும் பழுக்காமல் இருக்கும். 38, 40 மணி ஆகிவிட்டால் ஃபாலிக்கிள் தானாக உடைந்துவிடலாம். ஞாயிறு இரவு 10 மணி ஊசி என்றால் செவ்வாய் காலை 10 மணிக்குத் தியேட்டர் என்ற கணக்கு இப்படித்தான் வருகிறது.

பத்து நிமிடம் தாமதமானால் ஒன்றும் ஆகாது. ஒரு மணி நேரம் தவறினாலும் உடனே போன் செய்து உண்மையான நேரத்தைச் சொல்லுங்கள், நாங்கள் தியேட்டர் நேரத்தைத் தள்ளி வைத்துக்கொள்வோம். திட்டு விழும் என்று பயந்து 'பத்துக்குத்தான் போட்டேன்' என்று சொல்வதுதான் ஆபத்து.

இதைவிட மோசமானதை ஒருமுறை பார்த்திருக்கிறேன். சில ட்ரிக்கர் ஊசிகள் பொடி ஒரு குப்பியிலும், கலக்கும் நீர் இன்னொரு ஆம்பூலிலுமாக வரும். ஒரு பெண் வீட்டில் நீரை மட்டும் சிரிஞ்சில் ஏற்றிப் போட்டுக்கொண்டார். பொடி அப்படியே குப்பியில் இருந்திருக்கிறது. எடுக்கிற நாளில் நான்கு ஃபாலிக்கிளை உறிஞ்சியும் ஒரு முட்டைகூட இல்லை. டாக்டர் நிறுத்திவிட்டு, கையிலிருந்த கர்ப்பப் பரிசோதனை அட்டையில் சிறுநீரைப் பார்க்கச் சொன்னார். ஒரே கோடு. ட்ரிக்கரில் இருப்பது கர்ப்ப ஹார்மோனான எச்.சி.ஜி. என்பதால், மருந்து உடம்பில் இறங்கியிருந்தால் இரண்டு கோடு வந்திருக்க வேண்டும். அன்றே மறுபடி ஊசி போட்டு, 36 மணி நேரம் கழித்து மீதி ஃபாலிக்கிளிலிருந்து முட்டை எடுத்தோம். போடுவது எப்படி என்று வாயால் சொன்னோமே தவிர, எதிரில் ஒருமுறை கலக்க வைத்துப் பார்க்கவில்லை. அந்தத் தவறு எங்களுடையது. அதன் பிறகு, ட்ரிக்கருக்கு மறுநாள் காலை எல்லோரும் அட்டையில் பார்த்து போட்டோ அனுப்ப வேண்டும் என்று வைத்துவிட்டோம். எச்.சி.ஜி. அல்லாத ட்ரிக்கர் போட்டவர்களுக்கு இந்தச் சோதனை செல்லாது. அவர்களுக்கு ரத்தத்தில் எல்.எச். ஏறியிருக்கிறதா என்று பார்ப்போம்.

முட்டை எடுத்த பிறகு வயிறு உப்பிக்கொண்டே போகிறது. இது சாதாரணம்தானா?

இரண்டு மூன்று நாள் லேசான உப்பல், இழுத்துப் பிடிப்பது போன்ற வலி எல்லோருக்கும் வரும். ஆனால் ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் எடை ஏறினால், சிறுநீர் குறைந்தால், படுக்கும்போது மூச்சு வாங்கினால் காத்திருக்காதீர்கள், இரவானாலும் போன் செய்யுங்கள். எச்.சி.ஜி. பல நாள் உடம்பில் தங்கும். அது வீங்கிய சினைப்பைகளைத் தூண்டிக்கொண்டே இருந்தால் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து வயிற்றில் சேரும். ரத்தம் கெட்டியாகும், உறையவும் வாய்ப்புண்டு. பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கும் 20-க்கு மேல் ஃபாலிக்கிள் வந்தவர்களுக்கும்தான் இந்தப் பயம் அதிகம். அவர்களுக்கு எச்.சி.ஜி.க்குப் பதிலாக உடம்பின் சொந்த எல்.எச்.சைச் சில மணி நேரம் மட்டும் கிளப்பிவிடும் ஊசியை ட்ரிக்கராகப் போட்டு, கருவை அந்த மாதம் வைக்காமல் உறைய வைத்துவிட்டால் ஆபத்து பெருமளவு குறைந்துவிடுகிறது.

ஸ்கேனில் 13 என்றார்கள், 11 முட்டைதான் கிடைத்தது என்கிறார்கள். மீதி இரண்டு எங்கே?

ஸ்கேனில் தெரிவது நீர்ப்பை மட்டும்தான். முட்டையின் அகலம் சுமார் பத்தில் ஒரு மி.மீ., எந்த ஸ்கேனிலும் அது தெரியாது. எல்லாப் பையிலிருந்தும் முட்டை வராது. சிறிய பைகளில் இருக்கும் முட்டை சுவரோடு ஒட்டியே நின்றுவிடும்.

எடுக்கிற முறை இது. மயக்கத்தில் இருப்பதால் வலி தெரியாது. ஸ்கேன் கருவியோடு சேர்ந்த மெல்லிய ஊசி யோனிச் சுவர் வழியாகச் சினைப்பைக்குள் போய் ஒவ்வொரு பையாக நீரை உறிஞ்சும். பதினைந்து இருபது நிமிட வேலை. நீர் விழும் டியூபை உடல் சூட்டிலேயே வைத்து எங்களிடம் நீட்டுவார்கள். நான் அதைத் தட்டில் ஊற்றி மைக்ரோஸ்கோப்பில் தேடுவேன். முட்டையைச் சுற்றி ஜவ்வரிசிக் கஞ்சி போல வழவழப்பான ஒரு உறை இருக்கும். அது கண்ணில் பட்டதும் 'ஒண்ணு' என்று ஜன்னல் வழியாகக் குரல் கொடுப்பேன். அன்று நம் பெண்ணுக்குப் பதினோரு தடவை குரல் கொடுத்தேன்.

முட்டைக்குள்ளேயே விந்தணுவைச் செலுத்தும் இக்ஸிதான் சிறந்தது என்கிறார்களே, எல்லோருக்கும் அதையே செய்யலாமே?

விந்தணு எண்ணிக்கையோ அசைவோ மோசமாக இருந்தால், அல்லது முன்பு ஒருமுறை சாதாரண முறையில் கருத்தரிக்காமல் போயிருந்தால் இக்ஸி வேண்டும். விந்தணு நன்றாக இருக்கும்போது இக்ஸியால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுவதில்லை, பில் மட்டும்தான் கூடும். சும்மா பாதுகாப்புக்கு என்று எல்லோருக்கும் செய்யும் பழக்கம் எனக்கு ஒப்புதல் இல்லாதது.

நம் பெண்ணுக்குச் சாதாரண முறையே போதுமாக இருந்தது. பகல் 2 மணிக்கு, கழுவித் தயார் செய்த விந்தணுக்களை முட்டைகள் இருந்த கிண்ணத்தில் விட்டு இன்குபேட்டரில் வைத்தோம். முட்டை ஒன்றுக்குப் பல்லாயிரம் விந்தணு என்ற கணக்கு. உள்ளே போவது எது என்பதை அவை தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளும்.

புதன்கிழமை போன் செய்து 7 கரு என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை 2 என்கிறார்கள். லேபில் ஏதாவது தப்பு நடந்துவிட்டதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அழுகையோடு கேட்கப்படுவதும் இதுதான். நாள் வாரியாகவே பார்ப்போம்.

புதன் காலை 7 மணி, விந்தணு சேர்த்து 17 மணி நேரம் ஆகியிருந்தது. சுற்றியிருந்த உறையை நீக்கி ஒவ்வொரு முட்டையாகப் பார்த்தேன். 11-ல் 2 பழுக்கவே இல்லை. பழுத்த 9-ல் 7 முட்டைகளின் நடுவே இரண்டு வட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. ஒன்று அம்மாவின் பங்கு, இன்னொன்று அப்பாவின் பங்கு. அறிக்கையில் 2PN என்று எழுதுவது இதைத்தான். ஒரு முட்டையில் மூன்று வட்டம் இருந்தது. இரண்டு விந்தணு நுழைந்தால் அப்படி ஆகும், அதை வைக்கக் கூடாது. இன்னொன்றில் எதுவும் இல்லை. இந்த வட்டங்கள் சில மணி நேரம்தான் தெரியும், பிறகு மறைந்துவிடும். லேப் ஆள் விடியற்காலையில் வந்து நிற்பது இதற்காகத்தான்.

வெள்ளிக்கிழமை, மூன்றாம் நாள், 6 கருக்கள் ஆறு முதல் எட்டு செல்லாகப் பிரிந்திருந்தன. ஒன்று நான்கு செல்லில் நின்றுவிட்டது. இதுவரைக்கும் கரு ஓடுவது அம்மாவின் முட்டையில் சேர்த்து வைத்த சரக்கில்தான். நான்கு செல், எட்டு செல் ஆகும் கட்டத்தில்தான் கருவின் சொந்த மரபணு வேலையைத் தொடங்குகிறது. குரோமோசோம் கணக்கு பிசகியிருந்தாலோ, அப்பாவின் பங்கில் பழுது இருந்தாலோ அதன் விளைவு இங்கிருந்துதான் வெளிப்படும். அதனால் மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் நடுவே பாதிக்குப் பாதி நின்றுபோவது வழக்கம். ஞாயிற்றுக்கிழமை 2 கருக்கள் பிளாஸ்டோசிஸ்ட் ஆகியிருந்தன, அதாவது நடுவில் நீர் நிறைந்த பந்து. பின்தங்கியிருந்த ஒன்று திங்கட்கிழமை அந்த நிலைக்கு வந்தது. ஆக மொத்தம் 3.

பதினொன்று, ஒன்பது, ஏழு, ஆறு, மூன்று. 32 வயதுக்கு இது நல்ல கணக்கு. லேபில் கோளாறு என்றால் அது ஒரே தம்பதியிடம் மட்டும் காட்டாது. இன்குபேட்டரில் வாயு அளவு மாறினாலோ, வளர்ப்புத் திரவம் கெட்டிருந்தாலோ அந்த வாரத்தில் இருந்த எல்லோருடைய கருவும் ஒன்றாக மந்தமாகும். உங்களுக்குச் சந்தேகம் என்றால் 'இந்த வாரம் மற்றவர்களுக்கு எப்படி இருந்தது?' என்று கேளுங்கள். பெயர் சொல்லாமலே பதில் சொல்ல முடிகிற கேள்விதான் அது.

அறிக்கையில் 4AB என்று போட்டிருக்கிறது. AA இல்லாததால் தரம் குறைவா?

எண், பந்து எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதைச் சொல்கிறது. 1-லிருந்து 6 வரை போகும், 4 என்றால் நன்றாக விரிந்தது. முதல் எழுத்து குழந்தையாகப் போகும் செல் கொத்துக்கு, இரண்டாவது நஞ்சுக்கொடியாகப் போகும் வெளிச்சுவருக்கு. கண்ணால் பார்த்துப் போடும் மார்க் இது. நான் B போட்டதைப் பக்கத்து மேசைக்காரர் A போடலாம். உள்ளே குரோமோசோம் சரியாக இருக்கிறதா என்பது இதில் தெரியாது. முப்பதுகளின் தொடக்கத்தில்கூட அழகான பிளாஸ்டோசிஸ்டுகளில் சுமார் மூன்றில் ஒன்றில் அந்தக் கணக்கு தவறியிருக்கும். வயது கூடக் கூட அந்தப் பங்கும் கூடும். 4AA ஒட்டாமல் போவதும் 4BB குழந்தையாவதும் நாங்கள் வழக்கமாகப் பார்ப்பதுதான்.

கரு தயாராக இருக்கிறதே, அதே மாதம் வைக்காமல் ஏன் உறைய வைக்கிறார்கள்?

நம் பெண்ணுக்கு ட்ரிக்கர் நாளன்று, கர்ப்பப்பையின் உட்சுவரைத் தயார் செய்யும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் 1.8 இருந்தது. அந்த நாளில் 1.5-ஐத் தாண்டினால், கர்ப்பப்பையின் உட்சுவர் கருவுக்கு முன்பே தயாராகி, கரு வரும் நேரத்தில் அதன் பக்குவம் கடந்திருக்கும் என்று எடுத்துக்கொள்வோம். பஸ் கிளம்பிய பிறகு ஸ்டாண்டுக்குப் போவது போல. அதனால் மூன்று கருவையும் உறைய வைத்தோம். செல்லுக்குள் இருக்கும் நீரை இழுத்து, ஐஸ் படிகம் உருவாக நேரமே கொடுக்காமல் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் சட்டென்று மூழ்க விடுவோம். உருக்கும்போது நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பிழைத்துவிடும்.

புரோஜெஸ்டிரோன் அளவும் சரி, சினைப்பை வீக்கமும் இல்லை, உட்சுவரும் நன்றாக இருக்கிறது என்றால் அதே மாதம் வைப்பதில் தவறில்லை. காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியச் சட்டப்படி கருவை அதிகபட்சம் 10 ஆண்டு சேமிக்கலாம், வருடா வருடம் அதற்குக் கட்டணம் உண்டு.

கரு வைக்கும் நாளில் என்ன செய்வார்கள்? இரண்டாக வைத்தால் வாய்ப்பு கூடும்தானே?

அடுத்த மாதம் மாதவிலக்கு தொடங்கியதும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கொடுத்தோம். உட்சுவர் 8.6 மி.மீ. ஆனது, ஸ்கேனில் மூன்று கோடாகத் தெரிந்தது. வியாழக்கிழமை புரோஜெஸ்டிரோன் தொடங்கினோம். உட்சுவரின் கடிகாரம் ஓட ஆரம்பிப்பது அந்த மருந்திலிருந்துதான். ஐந்து நாள் வயதுள்ள கருவுக்கு ஐந்து நாள் மருந்து முடிந்திருக்க வேண்டும், ஆகவே ஆறாம் நாளான செவ்வாய்க்கிழமை தேதி குறித்தோம். ஒரு வேளை மருந்து விட்டுப்போனால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

செவ்வாய் காலை ஒரு கருவை உருக்கினேன். உருக்கியதும் சுருங்கிய பலூன் மாதிரி இருக்கும். இரண்டு மூன்று மணி நேரத்தில் மறுபடி விரிந்தால் உயிர்ப்போடு இருக்கிறது என்று பொருள். இது விரிந்தது. தியேட்டரில் மயக்க மருந்து கிடையாது. சிறுநீர்ப்பை நிறைய இருக்க வேண்டும், அப்போதுதான் வயிற்றின் மேல் வைக்கும் ஸ்கேனில் கர்ப்பப்பை தெளிவாகத் தெரியும். பெயரையும் கணவர் பெயரையும் அவர் வாயாலேயே சொல்லக் கேட்டு, தட்டின் மேல் எழுதியிருப்பதோடு இரண்டு பேர் சரிபார்த்த பிறகே கருவை மெல்லிய குழாயில் ஏற்றினேன். டாக்டர் அதைக் கர்ப்பப்பைக்குள் செலுத்தி, மேல் சுவருக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே விட்டார். திரையில் ஒரு வெள்ளைப் பொட்டு மின்னும். எல்லோரும் அதைத்தான் கரு என்று போட்டோ எடுக்கிறார்கள். உண்மையில் அது கூடப் போகும் காற்றுக்குமிழி, கரு அதன் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. பிறகு குழாய் என்னிடம் திரும்பி வரும். அதை அலசி மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, கரு ஒட்டிக்கொண்டு திரும்பி வரவில்லை என்று உறுதி செய்து 'க்ளியர்' என்று சொன்ன பிறகுதான் அவரை எழ விடுவோம். எப்போதாவது வந்துவிடும், அப்போது உடனே மறுபடி வைப்போம்.

இரண்டாக வைத்தால் அந்த ஒரு தடவைக்கான வாய்ப்பு கொஞ்சம் கூடும், உண்மைதான். அதைவிட அதிகமாக இரட்டைக் கர்ப்பம் கூடும். குறைமாதப் பிரசவம், ரத்தக்கொதிப்பு, பச்சிளம் குழந்தை ஐ.சி.யூ. எல்லாம் அதோடு வரும். நல்ல பிளாஸ்டோசிஸ்ட் மூன்று கையில் இருக்கும் 32 வயதுப் பெண்ணுக்கு ஒவ்வொன்றாக வைப்பதே சரி என்பது என் கருத்து. அவருக்கு ஒன்றைத்தான் வைத்தோம்.

வைத்த உடனே எழுந்து நடந்தால் கரு கீழே விழுந்துவிடாதா?

விழாது. கர்ப்பப்பை காலியான பானை மாதிரி திறந்து கிடப்பதில்லை. முன்சுவரும் பின்சுவரும் ஈரமான இரண்டு வாழையிலை போல ஒட்டிக்கிடக்கும், கரு அந்த இடுக்கில் இருக்கிறது. சிறுநீர் கழிக்கலாம், மாடி ஏறலாம், மறுநாள் வேலைக்கும் போகலாம். படுத்தே கிடப்பதால் வாய்ப்பு கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. புரோஜெஸ்டிரோன் மருந்தை மட்டும் நாங்கள் சொல்லும்வரை நிறுத்தாதீர்கள், லேசாகச் சிவப்பாகப் பட்டால்கூட.

ரத்தப் பரிசோதனை பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து. அதுவரை வீட்டில் அட்டை வாங்கிப் பார்க்க வேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்புகிறோம், பெரும்பாலும் ஆறாம் நாளே போன் வந்துவிடுகிறது.